சாய்தளத்தில் வழுக்காமல் உருளும் உருளை: ஒரே கணக்குக்கு 2.22 உம் 3.33 உம் வந்த கதை

கார்த்திகை மழைக்குள் கரண்ட் போயிருந்த ஓர் இரவு. களுவாஞ்சிகுடியில் என்னிடம் பௌதிகவியல் படிக்க வருகிற, காரைதீவைச் சேர்ந்த பிள்ளை ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கணக்குப் பக்கம் ஒன்று, ஓரத்தில் பென்சிலால் அவன் செய்த செய்கை. கீழே ஒரு வரி: "சேர், சக்தி முறையில 2.22 வருது, முறுக்கத்தில 3.33 வருது. ரெண்டும் ஒண்டாத்தானே வரணும்?"

ஒன்றாகத்தான் வர வேண்டும். அவன் விட்ட பிழை உயர்தரப் பிள்ளைகளில் கணிசமானோர் விடுகிற பிழை; அது எங்கே நுழைகிறது என்று பிடித்துவிட்டால் உராய்வு இங்கே என்ன வேலை செய்கிறது என்பதும் சேர்ந்தே பிடிபடும். அதனால் அந்தப் பக்கத்தையே எடுத்துத் தொடக்கத்திலிருந்து செய்து காட்டுகிறேன்.

முதலில் படத்தை வாசிப்போம்

டோச் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. பக்கத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. கோணத்தின் முதல் இலக்கத்தில் பாதி அதற்குள் போய்விட்டது. 30 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் 50 மாதிரியும் தெரிந்தது.

இந்த இடத்தில் பாகைமானியை எடுத்துத் திரையில் வைத்து அளக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது உதவாது. சரிவாகப் பிடித்து எடுத்த போட்டோவில் கோணங்கள் மாறிவிடும், புத்தகத்தின் நடு மடிப்புக்குக் கிட்டே கோடே வளையும். அதோடு புத்தகத்தில் உள்ள படமும் அளவுக்கு வரைந்தது அல்ல. கோணம் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

80 பாகையைப் பௌதிகவியலை வைத்தே தள்ளிவிடலாம். பின்னால் வருகிற ஒரு நிபந்தனையின்படி, 80 பாகைச் சரிவில் திண்ம உருளை வழுக்காமல் உருள உராய்வுக் குணகம் கிட்டத்தட்ட 1.9 வேண்டும். கணக்கில் தந்திருப்பதோ 0.3. 50 பாகைக்கும் அதே நிபந்தனையின்படி கிட்டத்தட்ட 0.4 வேண்டும், அதுவும் தள்ளுபடி. ஆனால் கோணத்தை ஊகித்து எடுப்பதைவிடக் கண்ணால் வாசிப்பதே நல்லது. எனவே "வெளிச்சம் பக்கவாட்டில விழுகிற மாதிரிப் பிடிச்சு இன்னொண்டு எடுத்து அனுப்பு மனே" என்றேன். இரண்டாவது படத்தில் 30 தெளிவாகத் தெரிந்தது.

தரவுகளை ஒரு வெற்றுத் தாளில் மீண்டும் எழுதிக்கொண்டேன். கரடான சாய்தளம், கோணம் 30 பாகை. சீரான திண்ம உருளை, திணிவு 2 கிலோகிராம், ஆரை 5 சென்ரிமீற்றர். ஓய்விலிருந்து விடப்பட்டு, வழுக்காமல் உருண்டு, தளத்தின் வழியே 1.5 மீற்றர் இறங்குகிறது. உராய்வுக் குணகம் 0.3. புவியீர்ப்பு ஆர்முடுகல் 10. ஆர்முடுகலை இரண்டு முறைகளாலும் காண்க. உருளை வழுக்காது எனவும் காட்டுக.

வெற்றுத் தாளில் எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பக்கத்தில் உருளையின் ஆரைக்கு R என்று அச்சடித்திருந்தது. பிள்ளையோ செவ்வன் மறுதாக்கத்துக்கும் பழக்கதோஷத்தில் R போட்டிருந்தான். மேலே அவன் வெட்டியிருந்த ஒரு வரியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இப்படி இருந்தது:

μR × R = ½MR²α

இடப் பக்கத்து முதல் R மறுதாக்கம், இரண்டாவது R ஆரை. அவன் இரண்டையும் சேர்த்து R² ஆக்கி, வலப் பக்கத்து R² உடன் வெட்டி, α = 2μ/M என்று எழுதியிருந்தான். உராய்வுக் குணகத்துக்கு அலகு இல்லை. ஆகவே கோண ஆர்முடுகலின் அலகு "ஒன்றின் கீழ் கிலோகிராம்" என்று வருகிறது. அலகைப் பார்த்துத்தான் வெட்டினானா, விடை வராமல் வெட்டினானா தெரியாது. நான் இனி ஆரைக்கு r, செவ்வன் மறுதாக்கத்துக்கு N, உராய்வுக்கு f என்று வைத்துக்கொள்கிறேன்.

விசைகளைக் குறித்தல்

உருளையில் தாக்குபவை மூன்றே. நிறை Mg, மையத்தினூடு நிலைக்குத்தாகக் கீழே. மறுதாக்கம் N, தொடுபுள்ளியில் தளத்துக்குச் செங்குத்தாக. உராய்வு f, தொடுபுள்ளியில் தளத்தின் வழியே.

உராய்வு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதில்தான் தடுமாற்றம். தளம் ஒப்பமானது என்று ஒரு கணம் நினையுங்கள். அப்போது உருளை சுழலாமல், சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கி இறங்கும். தொடுபுள்ளியும் சேர்ந்து கீழே போகும். கரடான தளம் அந்த வழுக்கலைத் தடுக்கப் பார்க்கிறது. ஆகவே உராய்வு தளத்தின் வழியே மேல்நோக்கி. மையத்தைப் பற்றிப் பார்த்தால், உருளையைச் சுழல வைக்கிற ஒரே விசையும் அதுதான்: நிறை மையத்தினூடு போகிறது, மறுதாக்கத்தின் கோடும் மையத்தினூடு போகிறது, இரண்டுக்கும் முறுக்கம் பூச்சியம்.

முறுக்க முறை

தளத்தின் வழியே கீழ்நோக்கி, மையத்தின் இயக்கத்துக்கு F = ma:

Mg sinθ − f = Ma  (1)

மையத்தைப் பற்றிய சுழற்சிக்கு τ = Iα:

f r = Iα  (2)

வழுக்காமல் உருள்வதால்:

a = rα  (3)

தெரியாதவை f, a, α என மூன்று, சமன்பாடுகளும் மூன்று. திண்ம உருளைக்கு மைய அச்சுப் பற்றிய சடத்துவத் திருப்பம் I = ½Mr². (3)ஐ (2)இல் இட்டால்:

f r = ½Mr² × a/r
f = ½Ma

இதை (1)இல் இட:

Mg sinθ = Ma + ½Ma
a = ⅔ g sinθ

இலக்கம் போட்டால் a = ⅔ × 10 × 0.5 = 3.33 m s⁻². உராய்வு f = ½ × 2 × 3.33 = 3.33 N. ஆர்முடுகலும் உராய்வும் ஒரே எண்ணாக வந்தது திணிவு 2 கிலோகிராம் என்பதால் மட்டுமே. அதில் வேறு மர்மம் இல்லை.

விடையில் திணிவும் இல்லை, ஆரையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 5 சென்ரிமீற்றரை மீற்றராக்க மறந்தாலும் இந்தப் பகுதிக்கு விடை சரியாகவே வரும். கோண ஆர்முடுகலைக் கேட்டால்தான் மாட்டுப்படுவீர்கள்.

இனி பலர் சறுக்குகிற இடம். குணகம் 0.3 என்று தந்திருப்பதைக் கண்டதும் f = μN என்று எழுதக் கை துடிக்கும். எழுதிப் பாருங்கள். N = 20 cos 30° = 17.3 N, ஆகவே f = 5.2 N. (1)இலிருந்து a = (10 − 5.2)/2 = 2.4. (2)இலிருந்து α = 5.2 × 0.05/0.0025 = 104, ஆகவே rα = 5.2. ஒரே உருளைக்கு a 2.4, rα 5.2. தொடுபுள்ளி மேல்நோக்கி வழுக்கிக்கொண்டு, உராய்வும் மேல்நோக்கித் தாக்குகிறது என்று அர்த்தம் வருகிறது, நடக்காத காரியம். μN என்பது உராய்வு எட்டக்கூடிய எல்லை. வழுக்காத உருளலில் உராய்வு தேவையான அளவே எழும்பும், இங்கே 3.33. அதைச் சமன்பாடுகள்தான் சொல்ல வேண்டும்.

சக்தி முறை

ஓய்விலிருந்து தளத்தின் வழியே s தூரம் இறங்கும்போது உயரம் h = s sinθ குறைகிறது. இழந்த அழுத்தச் சக்தி இரண்டு பங்காகப் போகிறது: மையம் நகர்வதற்கான பெயர்ச்சி இயக்கச் சக்தி, மையத்தைச் சுற்றிச் சுழல்வதற்கான சுழற்சி இயக்கச் சக்தி.

Mgh = ½Mv² + ½Iω²

ω = v/r என இட்டால் சுழற்சிப் பங்கு ½ × ½Mr² × v²/r² = ¼Mv². ஆகவே:

Mgh = ¾Mv²
v² = 4gh/3 = (4/3) g s sinθ

விசைகள் வழிநெடுக மாறாததால் ஆர்முடுகல் மாறிலி. அதனால் v² = 2as என்பதை இங்கே பயன்படுத்தலாம். 2a = (4/3) g sinθ, ஆகவே a = ⅔ g sinθ. அதே விடை.

ஆர்முடுகல் மாறிலி என்று முன்கூட்டியே சொல்லப் பிடிக்காவிட்டால், Mg s sinθ = ¾Mv² என்பதை நேரத்தைக் குறித்து வகையிடுங்கள்: Mg sinθ × v = (3/2)Mv × a. இரு பக்கமும் v போய்விட, அதே முடிவு. இணைந்த கணிதம் செய்கிற பிள்ளைகளுக்கு இந்த வழி பிடிக்கும்.

நம்முடைய உருளைக்கு: h = 0.75 மீற்றர், இழந்த அழுத்தச் சக்தி 2 × 10 × 0.75 = 15 J. v² = 10. பெயர்ச்சிக்கு ½ × 2 × 10 = 10 J. சுழற்சிக்கு மீதி 5 J. நேரே செய்து பார்ப்போம்: I = ½ × 2 × 0.05² = 0.0025 kg m², ω² = v²/r² = 10/0.0025 = 4000, ½ × 0.0025 × 4000 = 5 J. சரி. திண்ம உருளை எந்தச் சரிவில் உருண்டாலும் இந்தப் பங்கு மூன்றில் இரண்டுக்கு மூன்றில் ஒன்றுதான்.

2.22 எங்கிருந்து வந்தது?

பிள்ளையின் சக்திச் சமன்பாடு இது:

Mgh − f s = ½Mv² + ½Iω²

"சேர், கரடான தளம் எண்டா உராய்வு வேலை செய்யும்தானே, அதக் கழிக்கணும்தானே?" முறுக்க முறையில் கண்ட f = 3.33ஐயே எடுத்து, 3.33 × 1.5 = 5 J என்று கழித்திருந்தான். 15 − 5 = 10 = ¾ × 2 × v², v² = 6.67, a = 6.67/3 = 2.22. எண்கணிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

பிழை f s இல் இருக்கிறது. ஒரு விசை செய்கிற வேலையைப் பார்க்கும்போது, அந்த விசை தாக்குகிற புள்ளி எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும். உராய்வு தாக்குவது தொடுபுள்ளியில். மையம் v வேகத்துடன் சரிவில் இறங்குகிறது. சுழற்சியால் தொடுபுள்ளிக்கு மையம் சார்பாக rω வேகம் மேல்நோக்கி. வழுக்காத உருளலில் rω = v. கூட்டினால் தொடுபுள்ளியின் வேகம் அந்தக் கணத்தில் பூச்சியம். அடுத்த கணத்தில் அந்தப் புள்ளி தளத்தை விட்டு எழும்பிவிடும், வேறொரு புள்ளி வந்து ஓய்வில் நிற்கும். அசையாத புள்ளியில் தாக்குகிற விசை வேலை செய்வதில்லை.

இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த கிழமை திரும்பவும் f s கழிப்பார்கள். எனவே நான் அந்த 5 J ஐயே பின்தொடரச் சொல்வேன். உராய்வு மையத்தின் நகர்வை எதிர்க்கிறது: பெயர்ச்சிக் கணக்கில் −f s = −5 J. அதே உராய்வு முறுக்கம் f r ஆல் உருளையைச் சுழற்றுகிறது: உருளை φ கோணம் திரும்பினால் சுழற்சிக் கணக்கில் +f r φ. வழுக்காததால் rφ = s. ஆகவே +f s = +5 J. ஒரு பையில் எடுத்து மற்றப் பையில் போடுகிறது, சேதாரம் இல்லை. மேலே சுழற்சிப் பங்காக வந்த 5 J இதுவேதான்.

ஆகவே f s ஐக் கழித்தும் சரியான விடை எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: பெயர்ச்சியை மட்டும் எழுத வேண்டும்.

Mgh − f s = ½Mv²
15 − 5 = v²
v² = 10

வந்துவிட்டது. பிள்ளை செய்தது 5 J ஐ இரண்டு தரம் கழித்தது: உராய்வின் பெயரில் ஒரு தரம், சுழற்சியின் பெயரில் இன்னொரு தரம். ஒரே கடனை அண்ணனிடமும் வாங்கித் தம்பியிடமும் வாங்குகிற மாதிரி.

இதை அவனுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். "அப்ப உராய்வு இல்லாட்டியும் இதே வேகம்தானே சேர் வரணும்?" என்று திருப்பிக் கேட்டான். நல்ல கேள்வி. உராய்வு இல்லாவிட்டால் இந்தப் பையிலிருந்து எடுக்க ஆள் இல்லை; 15 J உம் பெயர்ச்சிக்கே போகும், a = g sinθ = 5. உராய்வு மொத்தச் சக்தியைக் குறைக்கவில்லை. ஆனால் அதைப் பங்கு பிரிப்பதால் மையத்தின் வேகம் குறைகிறது.

வழுக்காது எனக் காட்டல்

தேவையான உராய்வு f = ½Ma = ⅓Mg sinθ. கிடைக்கக்கூடிய எல்லை μN = μMg cosθ. முதலாவது இரண்டாவதை மீறக்கூடாது:

⅓Mg sinθ ≤ μMg cosθ
tanθ ≤ 3μ

30 பாகைக்கு tanθ = 0.577, 3μ = 0.9. வழுக்காது. குறைந்தது 0.19 குணகம் இருந்தால் போதும். 80 பாகைக்கு tanθ = 5.67, அதனால்தான் முதலில் 1.9 என்றேன். புள்ளித் திட்டத்துக்கு இந்தப் பகுதியில் 3.33 N < 5.2 N என்று இரண்டு எண்களையும் எழுதி ஒப்பிட்டாலே போதும்.

நிபந்தனை உடைந்தால் மேலே சொன்ன இரண்டு முறைகளும் அப்படியே செல்லாது. குணகம் 0.1 என்று வைப்போம். இப்போது உருளை வழுக்குகிறது; இப்போதுதான் f = μN = 1.73 N என்று எழுதும் உரிமை கிடைக்கிறது. a = (10 − 1.73)/2 = 4.13, ஆனால் rα = 1.73 மட்டும். இரண்டும் சமமில்லை, a = rα என்பது போய்விட்டது. 1.5 மீற்றர் இறங்கியபின் பெயர்ச்சிக்கு 12.4 J, சுழற்சிக்கு 1.1 J, கூட்டினால் 13.5. மீதி 1.5 J வெப்பமாகிவிட்டது. உராய்வு சக்தியைத் தின்பது வழுக்கும்போதுதான். தின்பதும் f s அல்ல, உராய்வு × வழுக்கிய தூரம். இங்கே வழுக்கிய தூரம் 0.87 மீற்றர். 1.73ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த 1.5 வரும்.

குறுக்கு வழி ஒன்று

விடையைச் சரிபார்க்க நான் பயன்படுத்துவது தொடுபுள்ளியைப் பற்றிய முறுக்கம். உராய்வும் மறுதாக்கமும் அந்தப் புள்ளியினூடு போவதால் முறுக்கம் தருவதில்லை. நிறையின் Mg sinθ கூறு மட்டும் r தூரத்தில். சமாந்தர அச்சுத் தேற்றத்தால் அங்கே சடத்துவத் திருப்பம் ½Mr² + Mr² = (3/2)Mr².

Mg sinθ × r = (3/2)Mr² × a/r

ஒரு வரியில் a = ⅔ g sinθ. இதில் I ஐ ½Mr² என்றே விட்டுவிட்டால் a = 2g sinθ என்று வரும், அதாவது தடையின்றி வழுக்குவதைவிட இரு மடங்கு. அப்படி ஒரு விடை கண்டால் உடனே நில்லுங்கள். உருளும் எதுவும் g sinθ ஐத் தாண்டாது.

படத்தில் வட்டம், கணக்கில் எது?

அந்தப் பக்கத்துப் படத்தில் உருளை ஒரு வெறும் வட்டமாகத்தான் வரைந்திருந்தது. திண்மமா பொள்ளா என்று படம் சொல்லாது, "திண்ம" என்ற சொல்தான் சொல்லும்; அந்தச் சொல் போட்டோவின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. மெல்லிய பொள் உருளை என்றால் I = Mr², a = ½ g sinθ, நம் சரிவில் 2.5. திண்மத்துக்கு 3.33.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் காணலாம். அடுத்த வகுப்பில் பலகை ஒன்றைக் கதிரையில் சாய்த்து வைத்து, பெரிய டோச் பற்றரி ஒன்றையும், இரண்டு பக்க மூடியும் வெட்டி எடுத்த பால்மா டின் ஒன்றையும் ஒரே கோட்டிலிருந்து விட்டோம். மூடியோடு விட்டால் டின் சரியான பொள் உருளை அல்ல, வித்தியாசம் குறையும். ஆரையும் திணிவும் வேறு வேறாக இருந்தும் பற்றரிதான் முதலில் வந்தது. 1.5 மீற்றர்ப் பலகையில் 30 பாகைக்கு நேர வித்தியாசம் 0.15 செக்கன் அளவுதான். செக்கன் எண்ண முடியாது, ஆனால் எது முன்னால் என்பது நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையே பலகையின் அடியில் குந்தியிருந்து கையால் இரண்டையும் பிடித்தான்.

பிறகு ஒருத்தி கேட்டாள்: "தண்ணி நிரப்பின போத்தல விட்டா, சேர்?" விட்டோம். போத்தல் பற்றரியையும் முந்தியது. உள்ளே தண்ணீர் போத்தலோடு சேர்ந்து சுழலவில்லை, சும்மா கூடவே இறங்கியது. சுழற்சிப் பைக்குள் போனது போத்தலின் தோலுக்கு உரிய கொஞ்சம்தான். ⅔ என்பதற்குப் பதில் அங்கே என்ன பின்னம் வரும் என்று கண்டு வரச் சொல்லியிருக்கிறேன். போத்தலின் வெற்றுத் திணிவு m, தண்ணீரின் திணிவு M, தண்ணீர் கொஞ்சமும் சுழலாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.